டாபர்மேன் காது தானாக நிமிர்வதில்லை

டாபர்மேன் குட்டி வாங்கி என் கிளினிக்குக்கு வருகிற பலருக்கு அதன் காது பிறவியிலேயே தொங்குகாது என்பது தெரியாது. வால் நீளமாக வளரும் என்பதும் தெரியாது. "டாக்டர், இன்னும் காது நிக்கலையே, கால்சியம் குறைவா?" என்று கேட்டவர்கள் உண்டு. காது நிற்பதற்கு மருந்து கிடையாது, கத்திதான் வேண்டும் என்று சொன்னால் முகம் மாறும். சிலர் அடுத்த கேள்வியாக "எவ்வளவு ஆகும்?" என்பார்கள்.

இந்த இனத்தை உருவாக்கிய லூயி டாபர்மேன், 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் அபோல்டா ஊரில் வரி வசூலித்தவர். பணப்பையோடு போகிறவருக்குக் காவல் நாய் தேவைப்பட்டது. எதிராளி பிடித்து இழுக்கக் காதும் வாலும் இருக்கக்கூடாது என்பது அந்தக் காலத்துக் கணக்கு. வால் வெட்டுவது அதைவிட மிகப் பழைய வழக்கம். வால் நுனியை எடுத்துவிட்டால் வெறிநோய் வராது என்று ரோமானியரான கொலுமெல்லா எழுதி வைத்திருக்கிறார். இன்று நம் வீட்டு டாபர்மேன் சோபாவில் படுத்திருக்கிறது. வெறிநோய்க்குத் தடுப்பூசி இருக்கிறது. மிச்சம் இருப்பது தோற்றம் மட்டும்தான்.

காது வெட்டுவது பெரும்பாலும் 7 முதல் 12 வாரத்துக்குள் நடக்கிறது. முழு மயக்கம் கொடுத்து, காது மடலில் பாதியோ அதற்கு மேலோ வெட்டி, ஓரத்தைத் தைக்க வேண்டும். அதோடு முடியாது. வெட்டிய காது உடனே நிற்காது. நிமிர்த்தி வைத்து டேப் சுற்றி, சில நாளுக்கு ஒருமுறை பிரித்து மறுபடி சுற்ற வேண்டும். பல் மாறி முடியும்வரைகூட இது நீளும். உள்ளே ஈரம் தங்கினால் புண்ணாகும். ஒரு பக்கம் தழும்பு இறுகினால் அந்தக் காது சாய்ந்தே நிற்கும். இத்தனையும் நடப்பது, மனிதக் கை என்றால் பயமில்லை என்று குட்டி கற்றுக்கொள்ள வேண்டிய மாதங்களில். காதருகே கையைக் கொண்டுபோனாலே தலையைத் திருப்பிக்கொள்ளும் குட்டிகளை நான் பார்த்திருக்கிறேன். தடுப்பூசி போடக்கூட இரண்டு பேர் பிடிக்க வேண்டியிருக்கும்.

காதை வெட்டி நிமிர்த்தினால் காற்றோட்டம் இருக்கும், சீழ் வராது என்பார்கள். பிறவியிலேயே காது நிமிர்ந்து நிற்கிற ஜெர்மன் ஷெப்பர்டுகள் காது நோயோடு வருவதைப் பார்த்தால் அந்த நம்பிக்கை போய்விடும். பெரும்பாலும் வேர், தோல் ஒவ்வாமையில் இருக்கிறது.

வால் வேறு கதை. பிறந்து 2 முதல் 5 நாளுக்குள், பெரும்பாலும் மயக்க மருந்தே இல்லாமல், கத்தரியால் வெட்டுவார்கள். அல்லது ரப்பர் வளையம் போட்டு ரத்த ஓட்டத்தை நிறுத்திவிடுவார்கள். கண்கூடத் திறக்காத குட்டிக்கு வலி தெரியாது என்ற பேச்சை நானும் கேட்டு வளர்ந்தவன்தான். ஆஸ்திரேலியாவில் 50 குட்டிகளை வெட்டும்போதே கவனித்துப் பார்த்தார்கள். எல்லாக் குட்டிகளும் கத்தித் திமிறின. சில நிமிடத்தில் அடங்கித் தூங்கிவிடுவதை வைத்து 'வலி இல்லை' என்கிறோம்.

வலி பிறகு வருவதும் உண்டு. இரண்டு வயது டாபர்மேன் ஒன்று வால் குட்டையின் நுனியை ஓயாமல் நக்கிக் கடிக்கிறது என்று கொண்டுவந்தார்கள். உண்ணி, பூஞ்சை எதுவும் இல்லை. முடி கொட்டிய இடத்தில் மிளகளவு கெட்டி. விரலால் லேசாக அழுத்தியதும் சட்டென்று திரும்பிக் கடிக்க வந்தது. வெட்டுப்பட்ட நரம்பு முனை வளர்ந்து முடிச்சாகிவிட்டால் இப்படித்தான் இருக்கும். மயக்கம் கொடுத்து, அந்த முடிச்சோடு இன்னும் ஒரு எலும்புக் கணு எடுத்து, தோல் இழுபடாமல் தைத்தோம். நக்குவது நின்றது.

வால் அடிபடாமல் இருக்கத்தான் வெட்டுகிறோம் என்பவர்களுக்கு நான் சொல்வது 2010இல் பிரிட்டனில் வெளிவந்த ஆய்வை. ஒரு நாயின் வால் காயத்தைத் தடுக்க, சுமார் 500 நாய்களின் வாலை வெட்ட வேண்டியிருக்கும் என்று கணக்கிட்டார்கள். வேட்டைக்குப் புதரில் ஓடும் சில இனங்களில் அபாயம் கூடுதல்தான், மறுக்கவில்லை. அடுக்குமாடி வீட்டு நாய்க்கு அந்த நியாயம் பொருந்தாது.

சட்டம் நம் நாட்டில் தெளிவில்லாமலே கிடக்கிறது. 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டம் உறுப்புச் சிதைப்பைக் குற்றம் என்கிறது. கொம்பு நீக்கம், காயடிப்பு, மூக்கணாங்கயிறு போன்றவற்றுக்கு விதிவிலக்கு தருகிறது. அந்தப் பட்டியலில் நாயின் வாலும் காதும் இல்லை. 2011இல் கால்நடை மருத்துவ கவுன்சில் இதைச் செய்ய வேண்டாம் என்று உத்தரவிட்டது. 2013இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. என் கிளினிக்கில் நான் செய்வதில்லை. காது வெட்டாமல் திரும்புகிறவர்களில் சிலர் வேறு இடம் போகிறார்கள், தெரியும்.

வால் விஷயத்தில் என்னிடம் வந்து கேட்பதே காலம் கடந்த கேள்வி. வாங்குகிறவர் குட்டியைப் பார்க்கும்போது வால் ஏற்கெனவே போயிருக்கும். அதனால் டாபர்மேனோ ராட்வீலரோ வாங்கப் போகிறேன் என்பவரிடம், தாய் நாய் சினையாக இருக்கும்போதே ப்ரீடரிடம் 'என் குட்டிக்கு வால் வெட்ட வேண்டாம்' என்று சொல்லி முன்பணம் கொடுங்கள் என்கிறேன். ஈன்ற பிறகு ஒரு வாரம் கழித்துப் போன் செய்தால் பயனில்லை.