நாலு வார பேக்கப் காப்பி இருந்தும் மாட்டிக்கொண்ட கதை

காசிமேட்டில் மாமாவுக்கு விசைப்படகு உதிரிபாகக் கடை. அங்கே கம்ப்யூட்டர் விஷயம் எல்லாம் என் தலையில்தான். தினம் ராத்திரி restic பேக்கப் ஓடும், ஞாயிறு லீவு. தினக் காப்பி 7, வாரக் காப்பி 4, மாதக் காப்பி 6 மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தை அழித்துவிடும். எல்லாரும் வைக்கும் கணக்கு என்று யோசிக்காமல் வைத்தேன்.

ஏப்ரல் 15-ல் மீன்பிடித் தடை ஆரம்பித்தது. படகெல்லாம் கரையேறியதும் ஓனர்கள் பாக்கியைத் தீர்க்க வருவார்கள். ஏப்ரல் 24, வெள்ளிக்கிழமை ஒருவர், "எம்பேர்ல எப்படிப்பா இவ்ளோ நிக்குது?" என்று சண்டைக்கே வந்துவிட்டார். பார்த்தால், மார்ச் 27-ல் கடைப்பையன் பாக்கி ஷீட்டில் பெயர்களை மட்டும் அகர வரிசைப்படுத்தியிருக்கிறான். தொகை அப்படியே நிற்க, பெயர் மட்டும் இடம் மாறிவிட்டது. ஒருவர் கடன் இன்னொருவர் தலையில்.

சரியாக நாலு வாரம்தானே, வாரக் காப்பி இருக்கிறதே என்று தைரியமாகத் திறந்தேன். பழையதே ஏப்ரல் 4 தான்! நடப்பு வாரத்தையும் ஒன்றாக எண்ணிவிடுகிறது. ஒவ்வொரு வாரத்திலும் கடைசி நாள் காப்பியைத்தான் வைக்கிறது. அதனால் 4 என்றால் கையில் நிற்பது மூன்று வாரத்துக்குக் கொஞ்சம் குறைவு. மாதக் காப்பியும் அதே கதை: மார்ச் 31 கெட்டுப்போனது, அதற்கு முந்தையது பிப்ரவரி 28. வாரக் காப்பி 6 வைத்திருந்தால் மார்ச் 21 கிடைத்திருக்கும். மூன்று வாரப் பில்லை ஏற்றும் வேலை மிச்சமாகியிருக்கும். இப்போது மார்ச் முதல் எல்லா பில் புத்தகத்தையும் பரணிலிருந்து இறக்கி, இரண்டு நாள் நானும் அத்தையும் தூசியில் உட்கார்ந்து ஏற்றினோம். சண்டைக்கு வந்தவர் கணக்கு பைசா சுத்தமாகப் பொருந்தியது, அதுவரை சந்தோஷம்.

அப்புறம் எண்களை மாற்றினேன். தப்பு எத்தனை நாள் கழித்துத் தெரியவரும் என்பதுதான் கேள்வி. எங்களுக்குத் தடைக்காலம் 61 நாள், ஏறக்குறைய 9 வாரம். நடப்பு வாரத்துக்கு ஒன்று சேர்த்து 10. போன தடைக்காலக் கணக்கோடு ஒப்பிட மாதக் காப்பி 13. தினக் காப்பி 7 போதும், அன்றாடத் தவறு அதற்குள் தெரிந்துவிடும்.

```
restic forget --keep-daily 7 --keep-weekly 10 --keep-monthly 13 --dry-run
```

கடைசியில் உள்ள `--dry-run` இருந்தால் எதையும் அழிக்காது, எது நிற்கும் எது போகும் என்று மட்டும் காட்டும். தேதிகளை ஒரு தடவை காலண்டரோடு வைத்துப் பாருங்கள். நான் அதை முதலிலேயே செய்திருந்தால், வாரக் காப்பி மூன்று வாரத்தைக்கூட எட்டவில்லை என்பது அப்போதே கண்ணில் பட்டிருக்கும். டிஸ்க் நிரம்பிவிடுமோ என்று பயந்தேன். மாறிய பகுதியை மட்டுமே புதிதாகச் சேமிப்பதால் பெரிதாக ஏறவில்லை. ஆனால் எண்ணைக் கூட்டினால் ஏற்கெனவே அழிந்த காப்பி திரும்பி வராது. 10 வாரக் காப்பியும் சேர ஜூன் ஆகிவிடும், அதுவரை பில் புத்தகத்தைப் பரணில் ஏற்ற வேண்டாம் என்று மாமாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.