இடுப்பில் குடம், போனில் நடை

அணைக்கட்டுப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் நடக்கும் சின்னக் கதைக்கு 2டி அனிமேஷன் செய்துகொண்டிருக்கிறேன். அதில் ஒரு பெண் இடுப்பில் தண்ணீர்க் குடத்தோடு நடந்து வரவேண்டும். சும்மா நடப்பதைக் கற்பனையிலேயே வரைந்துவிடலாம். 15 லிட்டர் குடத்தோடு நடப்பது வேறு. அதனால் அத்தையை நடக்கச் சொல்லி போனில் எடுத்து, அதன் மேல் வரைந்தேன்.

"இன்னாடா இது, தண்ணி தூக்கறதைப் போயி படம் புடிக்கற?" என்று அத்தை சிரித்தார். வெறுங்குடத்தோடு ஒருதரம் நடந்து காட்டினார். பார்த்ததுமே பாரம் இல்லை என்பது தெரிந்துவிட்டது. காலடி நீளமாக விழுந்தது, தோள்கள் இரண்டும் சமமாக இருந்தன. நிறைகுடம் வைத்ததும் உடம்பு வலப்பக்கம் சாய்ந்தது, வலக்கை விலகி வீசியது, காலடி குறுகியது. இதை நடிக்க முடியாது, தண்ணீர் நிரப்பித்தான் ஆகவேண்டும்.

எடுத்த இடம் நெல் அடிக்கும் சிமெண்ட் களம். மணலிலோ புல்லிலோ எடுத்தால் பாதம் எங்கே ஊன்றுகிறது என்று தெரியாது. உச்சி வெயிலில் நிழல் காலடியிலேயே அப்பிக்கொள்ளும் என்பதால் காலையிலேயே எடுத்தேன். அந்த நேரத்து வெயிலே கை, கால் மங்காமல் பதியப் போதுமானது. போனை ஸ்டாண்டில் இடுப்பு உயரத்தில் வைத்து, தள்ளி நின்று, கொஞ்சம் ஜூம் செய்தேன். கிட்டே நின்றால் ஓரங்களில் கால் நீண்டு தெரியும். அத்தையோடு சேர்த்துப் போனைத் திருப்பவே இல்லை. தரை அசைந்தால் பாதம் வழுக்குகிறதா என்று பிறகு பார்க்க வழியில்லை. குடம் இடது இடுப்பில் இருந்ததால் வலமிருந்து இடமாக நடக்கச் சொன்னேன். புடவைக்குள் இடுப்பு தெரியாவிட்டாலும் குடத்தின் கழுத்து அதற்கு அடையாளமாகிவிட்டது. முழங்கால் தெரிய, கொசுவத்தை அத்தையே தூக்கிச் செருகிக்கொண்டார்.

வினாடிக்கு 60 ஃபிரேமில் எடுத்தேன். என் படம் வினாடிக்கு 24 ஃபிரேம், ஒரு ஓவியம் இரண்டு ஃபிரேம் நிற்கும், ஆக வினாடிக்கு 12 ஓவியம். 60-ல் ஐந்துக்கு ஒன்று எடுத்தால் சரியாக 12 வரும். 30-ல் எடுத்திருந்தால் இரண்டு, மூன்று என்று மாறி மாறித் தாவவேண்டும், நடை குலுங்கும். போன் வீடியோவில் ஃபிரேம் இடைவெளியும் ஒரே சீராக இருக்காது. அதைச் சீராக்கிப் படங்களாகப் பிரிக்க ffmpeg என்ற மென்பொருளில் இந்த ஒரு வரிக் கட்டளை போதும்:

```
ffmpeg -i kudam.mp4 -vf "fps=60,scale=-2:1080" f_%04d.png
```

ஐந்துக்கு ஒன்று என்றாலும் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கக் கூடாது. குதிகால் தரையைத் தொடும் கணம் இடையில் விழுந்துவிடும். எனக்கு 146, 151 என்று வரிசை வந்தது, குதிகால் தொட்டதோ 149-ல். 151-ஐ விட்டு அந்த இடத்தில் 149-ஐ வைத்தேன். வித்தியாசம் வினாடியில் முப்பதில் ஒரு பங்குதான், ஆனால் காலடியின் கனம் அங்கேதான் இருக்கிறது. ஒரு காலடிக்கு 7 ஓவியம், இரண்டு காலும் சேர்ந்த ஒரு சுற்றுக்கு 14.

இந்த 14 படங்களையும் கிருதா என்ற வரையும் மென்பொருளில் `Import Animation Frames` வழியாகக் கொண்டுவந்து, மங்கலாக்கிக் கீழே வைத்துக்கொண்டேன். இனிதான் முக்கியமான வேலை. என் பாத்திரத்துக்குத் தலை பெரிசு, கால் குட்டை. அத்தையின் உருவக்கோட்டை அப்படியே இழுத்தால் அது அத்தையாகத்தான் இருக்கும், என் பாத்திரமாக இருக்காது. அதனால் ஒவ்வொரு படத்திலும் தோளுக்கு ஒரு கோடு, இடுப்புக்கு ஒரு கோடு, ஊன்றிய பாதத்துக்கு ஒரு புள்ளி, இவ்வளவுதான் எடுத்தேன்.

திரையில் அத்தையின் கால் 400 பிக்சல், பாத்திரத்தின் கால் 280. அதாவது 0.7 பங்கு. அத்தையின் காலடி 300 பிக்சல் என்றால் பாத்திரத்துக்கு 210. இடுப்பு முன்னே நகரும் தூரத்தையும் இப்படியே குறைக்கவேண்டும், இல்லாவிட்டால் குட்டைக்கால் எட்டாமல் பாதம் இழுபடும். ஆனால் இடுப்பு ஏறி இறங்குவதை இதே கணக்கில் குறைத்தால் 12 பிக்சல் 8 ஆகி, கண்ணுக்கே தெரியாது. அதை மட்டும் வேண்டுமென்றே 20 ஆக்கினேன். தோள்சாய்வையும் கொஞ்சம் கூட்டினேன். தூரத்தில் கை வைக்கலாம், எந்த ஓவியத்தில் எது நடக்கிறது என்ற நேரத்தில் மட்டும் கை வைக்கவில்லை.

பாதம் சரியா என்று பார்க்க, முன்பின் ஓவியங்களை மங்கலாகச் சேர்த்துக் காட்டும் ஆனியன் ஸ்கின்னைப் போட்டேன். ஊன்றிய பாதம் அடுத்தடுத்த ஓவியங்களில் ஒன்றன்மேல் ஒன்றாக உட்காரவேண்டும். இரண்டாகத் தெரிந்தால் வழுக்குகிறது என்று அர்த்தம்.

முகத்தை ஒவ்வொரு படத்திலும் புதிதாக வரைந்தால் கோடுகள் கொதிப்பதுபோல நடுங்கும். சிலருக்கு அது பிடிக்கும், எனக்கு முகத்தில் பிடிக்காது. தலையையும் குடத்தையும் ஒரே தரம் வரைந்து, நகர்த்தி மட்டும் வைத்தேன். முந்தானையைக் கடைசியில், உடம்பைவிட ஒன்றிரண்டு ஓவியம் பிந்தி அசையும்படி சேர்த்தேன்.

இந்தச் சுற்று நேராக நடக்க மட்டும்தான் உதவும். குடத்தை இறக்கி வைக்கும் காட்சிக்கு இதிலிருந்து ஒரு கோடுகூடத் தேறாது. அங்கே முழங்கால் மடங்குவதற்கு முன்பே இடுப்பு பின்னால் போகிறது. அதற்கு அத்தையை மறுபடி களத்துக்குக் கூப்பிட்டிருக்கிறேன், அதே நிறைகுடத்தோடு.