பாத்ரூம் டைல்ஸ் இடுக்கில் எபாக்ஸியா, சிமெண்டா? கூடவே நிறம் தேர்ந்த கதை

எங்கள் வீடு தாம்பரம் பக்கம். போர்வெல் தண்ணீர்தான். உப்பும் அதிகம், இரும்பும் இருக்கிறது. பிடித்து வைத்த பக்கெட்டை அப்படியே விட்டால் அடியில் வெள்ளைப் படலமும், விளிம்பில் துரு நிறத்தில் ஒரு வளையமும் விழும். பத்து வருடத்துக்கு மேலான பாத்ரூம் தரையில், டைல்ஸுக்கு இடையே போட்டிருந்த வெள்ளை கிரவுட் பாதி கறுத்து, பாதி பழுப்பாகி, தண்ணீர் வெளியேறும் நானி ட்ராப்பைச் சுற்றி அரித்தே போயிருந்தது. டைல்ஸ் நன்றாகவே இருந்தது. தட்டிப் பார்த்ததில் ஒன்றும் பொள்ளல் சத்தம் தரவில்லை. அதனால் உடைக்காமல் இடுக்கை மட்டும் புதிதாக நிரப்புவது என்று முடிவு செய்தோம்.

மேஸ்திரி வந்து பார்த்துவிட்டு, "சார், ஒயிட் சிமெண்டைக் கரைச்சுத் தேய்ச்சா அரை நாள் வேலை" என்றார். கடைக்காரரோ மொத்தமும் எபாக்ஸி போடச் சொன்னார். இரண்டிலும் எனக்குத் திருப்தி இல்லை. கிரவுட் ஏன் அழுக்காகிறது என்று முதலில் பார்க்கலாம் என்று தோன்றியது.

சிமெண்ட் கிரவுட்டில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கின்றன. சோப்புத் தண்ணீர், எண்ணெய், மஞ்சள் எல்லாம் உள்ளே இறங்கிவிடும். மேலே தேய்த்தால் போகாததற்கு அதுதான் காரணம். போகவில்லையே என்று டாய்லெட் கழுவும் ஆசிட்டை ஊற்றினால் கறையோடு சிமெண்டும் கரைந்து போகும். மேற்பரப்பு இன்னும் சொரசொரப்பாகி, அடுத்த கறை இன்னும் சுலபமாகப் பிடிக்கும். எங்கள் வீட்டு நானி ட்ராப் ஓரம் அரித்தது இப்படித்தான். எபாக்ஸி என்பது ரெசினும் ஹார்டனரும் வினைபுரிந்து இறுகும் பொருள். நிரப்பியாக மணல் தூள் சேர்ப்பார்கள். துளை கிடையாது, வீட்டு ஆசிட் அதைத் தின்னாது.

ஆனால் உப்புத் தண்ணீர் காய்ந்து விடுகிற வெள்ளைப் படலம் டைல்ஸ் மேலேயே உட்காருகிறது, எபாக்ஸி மேல் உட்காராதா? உட்காரும். உள்ளே இறங்காது, தேய்த்தால் போகும், அவ்வளவுதான். ஆகவே எந்தப் பொருள் என்பது ஒரு கேள்வி, எந்த நிறம் என்பது வேறு கேள்வி. எபாக்ஸி போட்டுவிட்டால் எந்த நிறமும் சரி என்று பலர் நினைக்கிறார்கள். எங்கள் தண்ணீருக்கு அது பொருந்தாது.

நிறத்தைத் தேர்ந்தெடுக்க, மீந்திருந்த டைல்ஸ் துண்டுகளைப் பலகையில் ஒட்டி, இடையே வெள்ளை, ஐவரி, நடுத்தரச் சாம்பல், பழுப்பு கலந்த சாம்பல், கறுப்பு என்று சிமெண்ட் கிரவுட்டை நிரப்பினேன். கூடவே ஓர் இடுக்கில் வெள்ளை எபாக்ஸி. எல்லாம் நன்றாகக் காய்ந்த பிறகு அம்மா தலைக்குத் தேய்க்கும் எண்ணெய், சீயக்காய்க் கரைசல், மஞ்சள் குழைத்த தண்ணீர் மூன்றையும் தடவி ஒரு ராத்திரி விட்டேன். பிறகு பலகையைப் பாத்ரூமிலேயே வைத்து, குளிக்கும்போதெல்லாம் அதன் மேல் தண்ணீர் விழவிட்டேன்.

வெள்ளையும் ஐவரியும் எதிர்பார்த்தபடியே தோற்றன. எனக்கு ஆச்சரியம் கறுப்பில்தான். அழுக்கை மறைக்கும் என்று எல்லோரும் சொல்கிற நிறம் அது. எண்ணெயும் சீயக்காயும் தெரியவில்லைதான். ஆனால் சோப்புப் படலமும் உப்பும் காய்ந்ததும் சாம்பல் பூத்த மாதிரி வெளுத்துத் தெரிந்தது. தண்ணீர் பட்டால் கறுப்பு, காய்ந்தால் திட்டுத்திட்டாக வெள்ளை. போதாததற்கு, சிமெண்ட்டிலிருந்தே வெளியே வரும் உப்பும் கறுப்பில்தான் பளிச்சென்று தெரியும். வெள்ளை எபாக்ஸியில் எண்ணெயும் சீயக்காயும் துடைத்ததும் போய்விட்டன. மஞ்சள் மட்டும் ராத்திரி முழுக்க இருந்ததால் லேசாகச் சாயம் விட்டது.

கடைசியில் நின்றது பழுப்பு கலந்த நடுத்தரச் சாம்பல். காரணம் எளிது. பக்கெட் விளிம்பில் காய்ந்த துருவின் நிறத்துக்கும் அடியில் படிந்த வெள்ளைக்கும் நடுவில் அது இருக்கிறது. எங்கள் தண்ணீர் எதை விட்டுச் செல்கிறதோ, அது காய்ந்த நிறத்துக்குப் பக்கத்து நிறம். இரும்பு இல்லாமல் உப்பு மட்டும் உள்ள தண்ணீராக இருந்தால் இன்னும் வெளிர்ந்த சாம்பலே போதும், பழுப்பு தேவையில்லை. செம்மண் காலோடு வரும் வீட்டில் பழுப்பை இன்னும் கூட்டலாம்.

நிற அட்டையைக் கடை வெளிச்சத்தில் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். எங்கள் பாத்ரூமின் வெள்ளை எல்.இ.டி. விளக்கில், கடையில் பழுப்பாகத் தெரிந்தது சாம்பலாகத் தெரிந்தது. சிமெண்ட் கிரவுட் நனைந்தால் இரண்டு படி கறுக்கும், எபாக்ஸி அவ்வளவு மாறாது. ஒரே பெயருள்ள நிறம் இரண்டு பொருளிலும் ஒன்றாக இருக்கும் என்றும் நம்ப முடியாது. இரண்டையும் ஒரே அறையில் போடுவதென்றால் பக்கத்தில் வைத்துப் பார்த்தே வாங்க வேண்டும்.

நாங்கள் இரண்டையும்தான் போட்டோம். தரை முழுக்கவும், சுவரில் 4 அடி உயரம் வரையும் எபாக்ஸி. அதற்கு மேலே தண்ணீர் தெறித்தாலும் உடனே வழிந்து காய்ந்துவிடுகிறது, அங்கே சிமெண்ட் போதும். விலை பல மடங்கு வித்தியாசம் என்பதால் இந்தப் பிரிவு கையைக் கடிக்காமல் இருந்தது.

எவ்வளவு வாங்குவது என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. டைல்ஸின் நீளத்தையும் அகலத்தையும் கூட்டி, அவற்றின் பெருக்கலால் வகுத்து, இடுக்கின் ஆழத்தாலும் அகலத்தாலும் பெருக்கி, கடைசியில் 1.6 ஆல் பெருக்க வேண்டும். எல்லா அளவும் மி.மீ.யில். வருவது ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிலோ என்பது. எங்கள் தரை டைல்ஸ் 300-க்கு 300, இடுக்கு 3 மி.மீ. அகலம், சுரண்டிய ஆழம் 6 மி.மீ. ஆக 600-ஐ 90,000-ஆல் வகுத்து, 6, 3, 1.6 மூன்றாலும் பெருக்கினால் சுமார் 0.19 கிலோ. தரை 8-க்கு 5 அடி, அதாவது 3.7 சதுர மீட்டர், ஆகவே சுமார் 700 கிராம். சுவருக்கும் இப்படிப் போட்டதில் ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக வந்தது. வீணாவதையும் சேர்த்து, ஒரு கிலோ பெட்டி மூன்று வாங்கினோம். 5 கிலோ பெட்டியைப் பிரித்துப் பிரித்துக் கலக்கினால் ரெசின், ஹார்டனர் விகிதம் தப்பும், அப்புறம் எங்காவது பிசுபிசுப்பாகவே நின்றுவிடும்.

சுரண்டுவதுதான் முதுகை ஒடிக்கும் வேலை. பழைய கிரவுட்டை டைல்ஸ் தடிமனில் மூன்றில் இரண்டு பங்கு ஆழத்துக்கு எடுக்க வேண்டும். மேலே மட்டும் சுரண்டிப் பூசினால் சில மாதத்தில் பொறுக்காக உரிந்து வரும். கிரைண்டர் வேகமாக ஓடும், கை கொஞ்சம் நழுவினால் டைல்ஸ் ஓரம் பெயர்ந்துவிடும். நாங்கள் ஆடும் பிளேடு உள்ள மல்டி டூலும், மூலைகளுக்குக் கிரவுட் ரம்பமும் பயன்படுத்தினோம். இடுக்கு 2 மி.மீ.க்குக் குறைவான பேப்பர் ஜாயிண்ட் என்றால் எபாக்ஸி சரியாக உள்ளே போகாது, அதை முதலிலேயே அளந்து பார்க்க வேண்டும்.

சுரண்டி முடித்ததும் மேஸ்திரி மறுநாளே நிரப்பலாம் என்றார். நான் நிறுத்தினேன். பழைய தரை என்றால் டைல்ஸுக்குக் கீழே உள்ள சாந்தில் பல வருடத் தண்ணீர் தேங்கியிருக்கும். ஈர இடுக்கில் எபாக்ஸி பிடிக்காது, வெளுத்தும் போகும். அந்த பாத்ரூமைப் பூட்டி, மின்விசிறி ஓடவிட்டு, ராத்திரி ஒரு பாலித்தீன் துண்டை இடுக்கின் மேல் நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டினேன். காலையில் உள்பக்கம் வியர்த்திருந்தது. மறுபடி காயவிட்டு, வியர்வை இல்லாத காலைதான் வேலையைத் தொடங்கினோம்.

கலந்த எபாக்ஸி நம் ஊர் வெயிலில் அரை மணி நேரம் போல்தான் தாங்கும், அதற்குள் இறுக ஆரம்பிக்கும். அதனால் காலையிலேயே, ஒரு பெட்டியை முழுசாகக் கலந்து, சின்னச் சின்னப் பகுதியாகப் போனோம். எங்கள் தரை டைல்ஸ் வழுக்காத சொரசொரப்பு ரகம். ரப்பர் பலகையால் முழுக்க இழுத்தால் அந்தக் குழிகளில் பிசின் புகுந்து வெள்ளைப் படலமாகத் தங்கிவிடும். துண்டு டைல்ஸில் பார்த்தபோதே அது தெரிந்ததால், மருதாணிக் கூம்பு மாதிரி பாலித்தீன் கூம்பில் அடைத்து இடுக்கில் மட்டும் பிதுக்கி, பிறகு ரப்பர் பலகையால் அழுத்தினோம்.

துடைப்பதில்தான் வேலையின் தரம் தெரியும். நைலான் தேய்ப்பானில் கொஞ்சமாகத் தண்ணீர் தொட்டு வட்டமாகத் தேய்த்தால் மேலே உள்ள பிசின் குழைந்து வரும், அதை ஸ்பாஞ்சால் எடுக்க வேண்டும். தண்ணீர் அதிகமானால் இடுக்கில் இருப்பதும் கூடவே வந்து பள்ளம் விழும். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு முறை துடைத்தோம். மறுநாள் வரை விட்டால் அந்தப் படலம் சாதாரண ஆசிட்டுக்கு அசையாது, சிமெண்ட் வேலைக்குப் பழகிய மேஸ்திரிகள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். கையுறை அவசியம். ஹார்டனர் தோலில் பட்டுப் பட்டு ஒவ்வாமை வந்துவிட்டால் பிறகு விடாது.

இன்னொன்று. எபாக்ஸி என்று சொல்லி, சிமெண்ட் கிரவுட்டில் தண்ணீருக்குப் பதில் பாலிமர் திரவம் ஊற்றிக் கலப்பவர்கள் இருக்கிறார்கள். பெட்டியில் ரெசின், ஹார்டனர், தூள் என்று மூன்று இருக்கிறதா பாருங்கள். போட்டு முடிந்த வீட்டில் சந்தேகம் வந்தால் மூலையில் ஒரு சொட்டு டாய்லெட் ஆசிட் விடுங்கள். நுரைத்தால் அதில் சிமெண்ட் இருக்க வாய்ப்பு அதிகம்.

மேல்சுவருக்குச் சிமெண்ட் கிரவுட் கலக்கும்போது பாக்கெட்டில் போட்ட அளவுக்கு மேல் தண்ணீர் விட விடவில்லை. தண்ணீர் கூடினால் காய்ந்ததும் நிறம் திட்டுத்திட்டாக வெளுத்து, விரலில் மாவாக ஒட்டும். தரையும் சுவரும் சேரும் மூலையில் எந்தக் கிரவுட்டும் வைக்கவில்லை, அங்கே அசைவு இருப்பதால் விரிசல் விடும், சிலிக்கான்தான். 24 மணி நேரம் கழித்துக் கால் வைத்தோம். முழுதாக இறுக ஒரு வாரம் ஆகும் என்பதால் அதுவரை ஆசிட் எதுவும் உள்ளே போகவில்லை.

கசிவைப் பற்றி ஒரு வார்த்தை: எபாக்ஸி நீர்க்காப்பு இல்லை. கீழ்வீட்டு மேற்கூரையில் ஈரம் தெரிந்தால் இடுக்கை மாற்றி அதைத் தீர்க்க முடியாது. டைல்ஸுக்குக் கீழே உள்ள வாட்டர்புரூஃபிங் போயிருந்தால் தரையை எடுத்தே ஆக வேண்டும்.

இப்போது ஒரு மழைக்காலம் தாண்டிவிட்டது. தரை இடுக்கு போட்ட நிறத்திலேயே இருக்கிறது, வாரம் ஒருமுறை சோப்பும் பிரஷ்ஷும் போதும். வெண்டிலேட்டர் வழியாக வெயில் நேராக விழும் ஓர் அடி அகலத்தில் மட்டும் எபாக்ஸி லேசாக மஞ்சளித்திருக்கிறது, பழுப்புச் சாம்பல் என்பதால் தேடினால்தான் தெரியும். கறுக்க ஆரம்பித்திருப்பது மூலைச் சிலிக்கான். அதைக் கத்தியால் கீறி எடுத்துவிட்டு, பூஞ்சை பிடிக்காத ரகமாகப் போட வேண்டும்.