எலும்பு மஜ்ஜை ஸ்லைடில் காலா அசார் தேடிய விதம்: ஓசூரில் வந்த ஒரு கேஸ்

ஓசூர் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் பீகார் தொழிலாளி ஒருவர், வயது 26. இரண்டு மாதமாகக் காய்ச்சல் விட்டுவிட்டு வருகிறது. மலேரியா ஸ்மியர் நெகடிவ். டைஃபாய்டு என்று நினைத்துக் கொடுத்த மருந்துக்கும் காய்ச்சல் அடங்கவில்லை. மண்ணீரல் இடது விலாவுக்குக் கீழே ஏழு சென்டிமீட்டர் இறங்கியிருந்தது. ஹீமோகுளோபின் 7.4, வெள்ளணு 2,100, பிளேட்லெட் 68,000. மூன்றும் சேர்ந்து குறைந்திருந்ததால் ரத்தப் புற்றுநோயோ என்ற சந்தேகத்தில்தான் எலும்பு மஜ்ஜைப் பரிசோதனை கேட்டு எங்கள் லேபுக்குச் சீட்டு வந்தது. சொந்த ஊர் எது என்று கேட்டபோது முசாஃபர்பூர் பக்கம் என்றார். பெரிய மண்ணீரல், நீண்ட காய்ச்சல், வடக்கு பீகார். இந்த மூன்றும் ஒன்றாக வந்தால், மணல் ஈ கடியால் பரவும் ஒட்டுண்ணி நோயான காலா அசாரை விலக்காமல் அடுத்த வேலைக்குப் போகக்கூடாது. தமிழ்நாடு இந்த நோய் பரவும் மாநிலங்களில் இல்லை என்பதாலேயே இங்கே பலருக்கு அது நினைவுக்கு வருவதில்லை. பீகார், ஜார்க்கண்ட், மேற்கு வங்கம், உத்தரப் பிரதேசத்தின் கிழக்குப் பகுதி ஆகிய இடங்களிலிருந்து வந்து கிருஷ்ணகிரி மாவட்டத்தில் வேலை செய்பவர்கள் ஏராளம். சொந்த ஊரில் கடி வாங்கி, இங்கே வந்து பல மாதம் கழித்துக் காய்ச்சல் தொடங்கலாம்.

காலா அசாருக்கான ஆர்கே39 பரிசோதனைப் பட்டை போட்டுப் பார்த்தோம். ஒரு சொட்டு சீரம், பத்து நிமிடம், இரண்டு கோடு: பாசிடிவ். வேறு நோயாளியாக இருந்தால் காய்ச்சல், மண்ணீரல், இந்தப் பட்டை மூன்றையும் வைத்தே சிகிச்சை தொடங்கிவிடலாம். ஆனால் இவருக்கு மூன்று வருடம் முன்பு ஊரில் இதே நோய்க்குச் சிகிச்சை நடந்திருக்கிறது. பட்டை காட்டுவது ஒட்டுண்ணியை அல்ல, அதற்கு எதிராக உடம்பு உண்டாக்கிய எதிர்ப்பொருளை. நோய் குணமான பிறகும் அது வருடக்கணக்கில் ரத்தத்தில் தங்கும். எனவே இந்த இரண்டு கோடு பழைய நோயின் மிச்சமா, நோய் திரும்பியதா என்று பட்டையால் சொல்ல முடியாது. ஒட்டுண்ணியைக் கண்ணால் பார்த்தாக வேண்டும்.

எங்கிருந்து எடுப்பது என்பது அடுத்த கேள்வி. மண்ணீரலில் ஊசி போட்டு எடுத்தால் நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்றுக்கு மேல் பிடித்துவிடலாம். எலும்பு மஜ்ஜையில் 53 முதல் 86 வரைதான். ஆனாலும் மண்ணீரல் கிழிந்து உள்ளே ரத்தம் கசிந்தால் உடனே அறுவை சிகிச்சைக்கும் ரத்தத்துக்கும் வழி இருக்க வேண்டும். பிளேட்லெட் 40,000-க்கு மேல் இருப்பது மட்டும் போதாது. அந்த வசதி பக்கத்தில் இல்லாத இடத்தில் மஜ்ஜையே சரி என்பது எங்கள் கருத்து. அப்படி எடுக்கும்போது, மஜ்ஜை நெகடிவ் என்றால் நோய் இல்லை என்று அர்த்தமாகாது என்பதை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

ஸ்லைடில் தேடப்போவது எது என்று தெளிவாக இருந்தால்தான் மற்றவை புரியும். இந்த நோயை உண்டாக்கும் லீஷ்மேனியா ஒட்டுண்ணிக்கு இரண்டு வடிவம். மணல் ஈயின் குடலில் அது நீண்டு மெலிந்து, முன்பக்கம் சவுக்கு போல ஒரு இழையோடு நீந்தும். இது புரோமாஸ்டிகோட், சவுக்கிழை இல்லாமலே 10 முதல் 20 மைக்ரான் நீளம். ஈ கடிக்கும்போது இந்த வடிவம்தான் தோலுக்குள் இறங்குகிறது. மேக்ரோஃபேஜ் அணு அதை விழுங்கியதும் அது வெளியே நீண்ட சவுக்கை இழந்து, சுருண்டு, 2 முதல் 4 மைக்ரான் அளவுள்ள முட்டை வடிவ அமாஸ்டிகோட் ஆகிறது. விழுங்கிய அணுவுக்குள்ளேயே இரண்டிரண்டாகப் பிரிந்து பெருகி, அணு வெடித்து அடுத்த அணுவுக்குப் போகிறது. மறுபடி ஒரு பெண் மணல் ஈ ரத்தம் உறிஞ்சினால் ஒட்டுண்ணி ஈயின் குடலில் திரும்பவும் நீள்கிறது. ஆகவே மனித ஸ்மியரில் சவுக்கோடு நீந்தும் ஒன்றைத் தேடுவது வீண். அங்கே கிடைப்பது அமாஸ்டிகோட்தான், லேபில் நாம் எல்.டி. பாடி என்று சொல்வது. 1903-ல் லீஷ்மன் இதை விவரித்த அதே வருடம், சென்னை அரசு பொது மருத்துவமனையில் டோனோவன் மண்ணீரல் ஸ்மியரில் பார்த்ததும் இதைத்தான்.

மஜ்ஜையை உறிஞ்சும்போது முதல் 0.2, 0.3 மில்லிதான் ஸ்மியருக்கு. அதற்கு மேல் இழுத்தால் வருவது பெரும்பாலும் ரத்தம். அதில் மேக்ரோஃபேஜ் நீர்த்துப்போய், இருக்கிற ஒட்டுண்ணியும் கண்ணுக்குச் சிக்காது. உறைவதற்குள், படுக்கைக்குப் பக்கத்திலேயே தேய்த்துவிட வேண்டும். ஈடிடிஏ குழாயில் போட்டு மத்தியானம் தேய்க்கலாம் என்று வைத்தால் அணுக்கள் சிதைந்து, உள்ளே வெற்றிடங்கள் தோன்றி, வாசிப்பு கெட்டுவிடும். ஸ்லைடைச் சாய்த்து அதிகப்படி ரத்தத்தை வடிய விட்டு, மினுமினுக்கும் மஜ்ஜைத் துகள்களை மட்டும் எடுத்து ஆறு ஸ்லைடு தேய்த்தோம். சாயம் ஒன்றில் பிசகினாலும் மற்றது இருக்கும்.

காற்றில் உலர்த்தியபின் மெத்தனாலில் மூன்று நிமிடம். இங்கேதான் மழைக்கால ஸ்லைடுகள் கெடுகின்றன. மூடி திறந்தே இருக்கும் மெத்தனால் புட்டி காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அதில் ஊறிய சிவப்பணுக்களுக்குள் பளிச்சென்ற ஓட்டைகள் தெரியும். புதிதாகப் பார்ப்பவர் அவற்றை ஒட்டுண்ணி என்று எண்ணிவிடலாம். அன்றன்றைக்கு வேண்டிய மெத்தனாலைச் சின்ன ஜாடியில் ஊற்றிக்கொண்டு, மாலையில் மிச்சத்தைக் கொட்டிவிடுவதே வழி.

பிறகு ஜீம்சா: ஒரு பங்கு சாயம், ஒன்பது பங்கு பஃபர் நீர், பிஹெச் 7.2, முப்பது நிமிடம். தர்மபுரி, கிருஷ்ணகிரி லேபுகளில் இருப்பவர்கள் இந்த நீர் விஷயத்தில் பிடிவாதமாக இருக்க வேண்டும். நம் ஆழ்குழாய் நீர் கடினமானது, பெரும்பாலும் காரத்தன்மை உடையது. ஃபுளோரைடுக்காகவே ஒகேனக்கல்லிலிருந்து காவிரி நீரைக் கொண்டுவர வேண்டியிருந்த ஊர்கள் இவை. அந்தக் குழாய் நீரில் சாயத்தைக் கரைத்தாலோ கழுவினாலோ எல்லாமே நீலமாக ஏறிவிடும். ஒட்டுண்ணிக்குள் சிவப்பாகத் தெரிய வேண்டிய கைனெட்டோபிளாஸ்ட் என்ற சின்னக் கோல் அந்த நீலத்தில் மூழ்கிவிடும். டிஸ்டில்டு வாட்டரில் பஃபர் மாத்திரை போட்டு, பிஹெச் தாளில் பார்த்துவிட்டுத்தான் பயன்படுத்த வேண்டும். கழுவுவதும் அதே நீரில்தான். சாயம் சரியாக ஏறியதா என்று ஒட்டுண்ணியைத் தேடும் முன்பே தெரிந்துகொள்ளலாம்: சிவப்பணு இளஞ்சிவப்பாக, ஈசினோஃபில் துகள் ஆரஞ்சாக இருக்க வேண்டும். சிவப்பணு சாம்பல் நீலமாக இருந்தால் அந்த ஸ்லைடை வாசிக்காமல் அடுத்த ஸ்லைடைச் சாயமேற்றுங்கள். இன்னொன்று, சாயத்தைச் சாய்த்து ஊற்றிவிட்டுக் கழுவினால் மேலே மிதக்கும் பளபளப்பான ஏடு ஸ்மியரிலேயே படிந்துவிடும். ஸ்லைடு படுத்தபடியே இருக்க, நீரை ஊற்றி அந்த ஏட்டை மிதக்க விட்டு வெளியேற்ற வேண்டும்.

முதலில் குறைந்த உருப்பெருக்கத்தில் ஸ்மியரின் வால் பகுதியையும் துகள்களின் ஓரத்தையும் பார்த்து வைத்துக்கொண்டோம். பெரிய மேக்ரோஃபேஜ் அங்கேதான் இழுபட்டு நிற்கும். பிறகு 100-ம் எண் ஆப்ஜெக்டிவில் எண்ணெய் விட்டோம். கொஞ்ச நேரத்தில் ஒரு மேக்ரோஃபேஜ் கிடைத்தது. அதன் வெளிர்நீலச் சைட்டோபிளாசத்தில் ஏழெட்டு சின்ன முட்டைகள், ஒவ்வொன்றும் சிவப்பணுவில் பாதிக்கும் குறைவு. ஒன்றன்மேல் ஃபைன் ஃபோகஸை மெல்லத் திருப்பினால், உள்ளே ஊதா கலந்த சிவப்பில் உருண்டையான நியூக்ளியஸ், அதற்குப் பக்கத்தில் இன்னும் அடர்த்தியான சின்னக் கோல், நியூக்ளியஸுக்குக் குறுக்கே படுத்தது போல. அந்தக் கோல்தான் கைனெட்டோபிளாஸ்ட், ஒட்டுண்ணியின் ஒரே மைட்டோகாண்ட்ரியாவில் திரண்டு கிடக்கும் டிஎன்ஏ. ஒரே உடலுக்குள் உருண்டையும் கோலும் இரண்டுமே தெரிந்தால் மட்டும் எல்.டி. பாடி என்று எழுதுகிறோம். ஒன்று மட்டும் தெரிந்தால், எவ்வளவு ஆசை இருந்தாலும், கணக்கில் சேர்ப்பதில்லை.

இந்த விதி ஏன் அவசியம் என்றால், ஏமாற்றுபவை பல. பிளேட்லெட் ஒரு அணுவின்மேல் படிந்தால் அதே அளவில் ஊதாத் துகளோடு தெரியும், ஆனால் அதில் நியூக்ளியஸும் இல்லை, கோலும் இல்லை. சாயப் படிவு அணுவைவிட மேல் தளத்தில் இருக்கும். அது ஃபோகஸில் வரும்போது அணு மங்கிவிடும். மிகவும் கவனமாக இருக்க வேண்டியது ஹிஸ்டோபிளாஸ்மா என்ற பூஞ்சையிடம். அளவும் 2 முதல் 4 மைக்ரான், வசிப்பதும் மேக்ரோஃபேஜுக்குள், மண்ணீரலையும் வீங்க வைக்கும். அதைச் சுற்றித் தெளிவான வளையம் தெரியும், சாயம் ஒரு பக்கம் பிறை போல ஒதுங்கியிருக்கும், கோல் இருக்காது. இரண்டுக்கும் மருந்து முற்றிலும் வேறு. தேய்க்கும்போது மேக்ரோஃபேஜ் உடைந்துவிடுவதால் பல அமாஸ்டிகோட்டுகள் அணுவுக்கு வெளியேயும் சிதறிக் கிடக்கும். அணுவுக்குள் இல்லை என்பதற்காக அவற்றைத் தள்ளிவிடக்கூடாது.

ரிப்போர்ட்டில் ‘உண்டு’ என்று மட்டும் எழுதினால் பிறகு ஒப்பிட முடியாது. 100 ஃபீல்டில் எங்களுக்கு 34 கிடைத்தன. பத்து ஃபீல்டுக்கு ஒன்று முதல் பத்து வரை என்றால் மூன்று பிளஸ், எனவே இது மூன்று பிளஸ். நூறு ஃபீல்டுக்கு ஒன்று முதல் பத்து என்றால் இரண்டு பிளஸ், ஆயிரத்துக்கு அப்படியென்றால் ஒரு பிளஸ். நெகடிவ் எழுத ஆயிரம் ஃபீல்டு பார்த்தாக வேண்டும், ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். இருநூறில் நிறுத்திக்கொண்டு நெகடிவ் கொடுத்தால் ஒரு பிளஸ் நோயாளிகள் பலர் கைநழுவிப் போவார்கள்.

மிச்சம் இருந்த இரண்டு சொட்டு மஜ்ஜையை என்என்என் ஊடகத்தில், அதாவது முயல் ரத்தம் சேர்த்த அகாரில், வளர்க்கப் போட்டோம். இதை 37 டிகிரி இன்குபேட்டரில் வைப்பது வழக்கமான தவறு, பாக்டீரியா கல்ச்சர் எல்லாம் அங்கே போவதால். இங்கே நாம் உருவாக்க வேண்டியது மனித உடம்பின் சூட்டை அல்ல, ஈயின் குடலை. 24 டிகிரியில் வைத்தால்தான் அமாஸ்டிகோட் நீண்டு புரோமாஸ்டிகோட்டாக மாறும். தர்மபுரியின் ஏப்ரல் வெயிலில் மேசைமேல் வைத்தாலும் வேலைக்காகாது, குளிரூட்டும் வசதியுள்ள பிஓடி இன்குபேட்டர் வேண்டும். பாக்டீரியா புகுந்தாலும் கல்ச்சர் செத்துவிடும் என்பதால் திறக்கும் ஒவ்வொரு முறையும் சுடர் பக்கத்தில்தான். இரண்டாம் வாரத்தில் ஒரு சொட்டை எடுத்து, சாயமில்லாமல் கவர்ஸ்லிப் போட்டுப் பார்த்தால், சவுக்கை முன்னே நீட்டி நீந்தும் மெல்லிய உடல்கள், சில இடங்களில் சவுக்குகள் நடுவில் பின்னிக்கொண்டு பூ இதழ் போல் கூட்டமாக. இதைச் சாயமேற்றினால் கைனெட்டோபிளாஸ்ட் நியூக்ளியஸுக்கு முன்னால், சவுக்கின் அடியில் இருக்கும். ஸ்மியரில் பார்த்த அதே கோல்தான். நான்கு வாரம் வரை ஒன்றும் வராவிட்டால்தான் கல்ச்சர் நெகடிவ்.

சிகிச்சை கல்ச்சருக்காகக் காத்திருக்கவில்லை. ஸ்மியர் ரிப்போர்ட் போன அன்றே மருத்துவர்கள் முடிவெடுத்தார்கள், மாவட்ட சுகாதாரத் துறைக்கும் தகவல் போனது. இந்தியாவில் இதைப் பரப்பும் ஃபிளெபோடோமஸ் அர்ஜென்டிபஸ் என்ற மணல் ஈ தமிழ்நாட்டிலும் இருக்கிறது. கொசுவைவிடச் சின்னது, இறக்கையை வி வடிவில் தூக்கி வைத்திருக்கும், மாட்டுக் கொட்டகைச் சுவரின் விரிசல்களில் பகலில் ஒளிந்திருக்கும். அதனால் நோயாளி தங்கியிருந்த இடத்தைப் பார்த்துவர வேண்டியது அவர்கள் பொறுப்பு.

இவருக்குக் காய்ச்சல் விட்டு, மண்ணீரல் சுருங்கினால் ஆர்கே39 பட்டையைத் திரும்பப் போட்டுப் பார்ப்பதில் பயனில்லை. அது பாசிடிவாகத்தான் இருக்கும். ஆறு மாதத்துக்குள் காய்ச்சல் மீண்டும் வந்தால் மறுபடி மஜ்ஜை, மறுபடி அதே கணக்கு, இந்த மூன்று பிளஸ்ஸோடு ஒப்பிட்டு. அதற்காக முதல் ஸ்லைடுகளை எண் போட்டுப் பெட்டியில் பத்திரமாக வைத்திருக்கிறோம்.