14 வசதிகள், ஒரு விளம்பரம்

பில் போடும் மென்பொருள் ஒன்றுக்கு விளம்பரம் எழுத உட்கார்ந்தபோது, 14 வசதிகள் கொண்ட பட்டியல் என் கைக்கு வந்தது. அதிலிருந்து பில், இருப்புக் கணக்கு, நினைவூட்டல், அறிக்கை, மொபைல் ஆப், பல பயனர் கணக்கு என்று ஆறை எடுத்து ஒரே விளம்பரத்தில் அடுக்கினேன். எதையும் விட மனம் வரவில்லை.

வெளியிடும் முன், இந்த மென்பொருளைப் பற்றித் தெரியாத சிலரிடம் அதை ஐந்து விநாடி காட்டி மறைத்துவிட்டு, "இது எதற்கு?" என்று கேட்டேன். ஒருவர் கணக்கு எழுத என்றார், ஒருவர் கிடங்குக்கு என்றார். "என்னென்னவோ செய்யும் போல" என்றார் இன்னொருவர்.

அப்புறம்தான் ஏற்கெனவே அதைப் பயன்படுத்துகிறவர்களிடம் பேசினேன். எது பிடிக்கும் என்று கேட்டால், எல்லாமே நன்றாக இருக்கிறது என்பார்கள். அதனால் கேள்வியை மாற்றினேன்: "நாளைக்கு இது இல்லாமல் போனால் முதலில் எது கஷ்டமாக இருக்கும்?" தனியாகத் தொழில் செய்யும் ஒரு டிசைனர் உடனே சொன்னார்: "மறுபடியும் நானே போன் பண்ணிப் பணம் கேட்கணும். அது எனக்கு வராது." வேறு வேறு வார்த்தைகளில் இதையே இன்னும் பலர் சொன்னார்கள். எங்கள் பட்டியலில் அது ஒன்பதாவது இடத்தில், 'தானியங்கி நினைவூட்டல்' என்று கிடந்தது.

யாருக்கு, என்ன தொல்லை, எப்படித் தீர்கிறது என்ற மூன்றையும் சேர்த்து எங்களுக்காக ஒரு வாக்கியம் எழுதிக்கொண்டேன்: தனியாகத் தொழில் செய்பவர், சங்கடப்படாமல் பாக்கியை வசூலிக்கலாம், கெடு தாண்டிய பில்லுக்கு மென்பொருளே நினைவூட்டும். விளம்பரத்தில் வந்தது இவ்வளவுதான்: "பாக்கியைக் கேட்டு இனி நீங்கள் போன் செய்ய வேண்டாம்." கீழே சின்னதாக, "கெடு தாண்டினால் நினைவூட்டல் தானாகப் போகும்."

இருப்புக் கணக்கு எங்கே என்று குழுவில் கேட்டார்கள். நியாயமான கேள்வி. தலைப்பை நம்ப வைக்க உதவுகிற வரி மட்டும் விளம்பரத்தில் இருக்கட்டும், மற்றவை அதை அழுத்தினால் திறக்கும் பக்கத்தில் வரட்டும் என்றேன். சரக்கு வைத்திருப்பவர்களுக்காக இருப்புக் கணக்குக்குத் தனி விளம்பரம் எழுதினோம்.

ஒன்றை மட்டும் கவனிக்கத் தவறினேன். விளம்பரத்தை அழுத்தியவர்கள் போய்ச் சேர்ந்த பக்கம் "அனைத்தும் ஒரே இடத்தில்" என்றுதான் தொடங்கியது. பாக்கிக் கவலையோடு வந்தவருக்கு அங்கே ஒன்றும் தென்படவில்லை. வந்த வேகத்தில் திரும்பிப் போனார்கள். பக்கத்தின் முதல் வரியையும் பாக்கியைப் பற்றியதாக மாற்றிய பிறகே நிலைமை சரியானது.

இப்போது இரண்டு செய்திகளை ஒப்பிடும்போது படத்தையும் பார்ப்பவர் கூட்டத்தையும் அப்படியே வைத்து, வரியை மட்டும் மாற்றுகிறோம். எத்தனை பேர் அழுத்தினார்கள் என்பதோடு நிற்காமல், வந்தவர்களில் எத்தனை பேர் முதல் பில்லை அனுப்பினார்கள் என்று பார்க்கிறோம். பல பயனர் கணக்குக்கு மட்டும் இன்னும் விளம்பரம் எழுதவில்லை. அது இல்லாவிட்டால் யாருக்குக் கஷ்டம் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.