ஐந்தாம் வரைவில் ரயில் நின்றது

நான்கு வரைவுகளாக அசையாமல் கிடந்த என் ரயில் கதை சென்ற வாரம் ஒருவழியாக அசைந்து கொடுத்தது. 26 மணி நேரப் பயணம். எதிரெதிர்க் கீழ்ப் படுக்கைகளில் ஒரு முதிய பெண்மணியும் நாற்பதை நெருங்கும் ஓர் ஆணும். முன்பின் அறியாத இருவரும் இறங்குவதற்குள் ஒருவரிடம் ஒருவர் மனம் திறக்க வேண்டும். கதை இவ்வளவுதான் என்றாலும், அந்த மனம் திறக்கும் இடம் மட்டும் ஏழு மாதங்களாக எனக்குப் பிடிபடவில்லை.

பழைய வரைவுகளில் இரவு 11 மணிக்கு விளக்கை அணைத்ததும் இருவரும் தங்கள் கதையைச் சொல்லத் தொடங்கிவிடுவார்கள். கணவர் இறந்துபோனதை அவர் சொல்வார். தந்தையை முதியோர் இல்லத்தில் சேர்த்துவிட்டு எட்டு மாதங்களாக எட்டிப் பார்க்காததை அவன் சொல்வான். இரண்டும் நீதிமன்றத்தில் அடுத்தடுத்துப் பதிவான வாக்குமூலங்களைப் போல இருந்தன. உரையாடலில்தான் குறை என்று எண்ணி மூன்று முறை சொற்களை மாற்றினேன். குறை சொற்களில் இல்லை, அளவில் இருந்தது என்பதைக் கண்டுபிடிக்க அட்டைகள் தேவைப்பட்டன.

ஒவ்வொரு பேச்சையும் ஓர் அட்டையில் எழுதி, அதைச் சொல்வதால் சொல்பவருக்கு எவ்வளவு இழப்பு நேரக்கூடும் என்று ஒன்று முதல் பத்து வரை எண் இட்டேன். நான்காம் வரைவின் அட்டைகளை மேசையில் வரிசையாக வைத்தபோது ஒன்று, ஒன்று, இரண்டு, ஒன்பது, ஒன்பது என்று வந்தது. இரண்டிலிருந்து ஒன்பதுக்கு யாரும் தாவுவதில்லை. அப்படி ஒருவர் தாவினால், எதிரில் இருப்பவர் தானும் தாவாமல் சற்றே பின்வாங்கி அமர்வார். உளவியலாளர் ஸிக் ரூபின் 1975இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு எனக்குக் கைகொடுத்தது. விமான நிலையத்தில் காத்திருந்த பயணிகளிடம் தன்னைப் பற்றிச் சில வரிகளை எழுதிக் காட்டிவிட்டு, அவர்களையும் எழுதச் சொல்லும் சோதனை அது. பொதுவாக, காட்டிய வரிகளில் அந்தரங்கம் கூடக்கூடப் பயணிகளும் அதற்கு ஈடாகத் தங்களைத் திறந்து காட்டினார்கள். ஆனால் மிக அந்தரங்கமான வரிகள் தங்களுக்கென்றே அப்போது எழுதப்பட்டவை என்று தோன்றியபோது, அவர்கள் எழுதுவதைக் குறைத்துக்கொண்டார்கள். என் கதையில் அந்தப் பின்வாங்கல் எங்குமே இல்லை. புதிய அட்டைவரிசையில் ஐந்தை எட்டியதும் ஒருமுறை இரண்டுக்கு இறக்கினேன். இருவரும் சன்னலைப் பார்த்துக்கொண்டு, அடுத்த நிலையம் எப்போது வரும் என்பதைப் பற்றி மட்டும் பேசுகிறார்கள்.

எண்ணைச் சரிசெய்த பிறகும், ஐந்தை எட்டும் அந்த முதல் உடைப்பு எதனால் நிகழ்கிறது என்ற கேள்வி மிஞ்சியது. இருட்டும் தனிமையும் மட்டும் ஒருவரைப் பேசவைத்துவிடாது. கதைக்குள்ளிருக்கும் ஏதாவது ஒரு பொருள் அவர்களைப் பேசக் கட்டாயப்படுத்த வேண்டும். அந்தப் பொருள் இரண்டாம் வரைவிலிருந்தே அவருடைய கைப்பையில் இருந்தது: கணவரின் காது கேட்கும் கருவி. கணவர் போன பிறகும் அவர் வாரந்தோறும் அதற்குப் பேட்டரி மாற்றுகிறார்.

இந்தப் பேட்டரி மாற்றும் காட்சிக்கு மட்டும் நான்கு மாலைகளைச் செலவிட்டேன். அது காற்றால் இயங்கும் துத்தநாகப் பேட்டரி. அதன் மேலிருக்கும் சிறிய ஒட்டுத்தாளை உரித்ததும் துளைகள் வழியே காற்று உள்ளே புகுந்து, வேதிவினை தொடங்கிவிடுகிறது. உரித்தவுடன் கருவிக்குள் போடாமல் ஒரு நிமிடம் வெளியில் வைத்திருந்து, பிறகு போட வேண்டும். அந்த ஒரு நிமிடம் எனக்குப் பெரிய வரமாக அமைந்தது. மாலை வெளிச்சத்தில் அந்தப் பெண்மணி ஒட்டுத்தாளை விரல்நுனியில் ஒட்டவைத்துக்கொண்டு, பேட்டரியை உள்ளங்கையில் ஏந்தி, ஒன்றும் செய்யாமல் காத்திருக்கிறார். எதிரில் இருப்பவன் அதைப் பார்த்து, கருவி அவருடையது என்று எண்ணிக்கொள்கிறான். அந்த நொடியிலிருந்து அவரிடம் உரக்கப் பேசத் தொடங்குகிறான். அவரும் அவனைத் திருத்தவில்லை. உரித்த தாளை மீண்டும் ஒட்டினாலும் பேட்டரி முன்புபோல் ஆகாது என்பதை மனம் திறப்பதற்கு உவமையாக்கி மூன்றாம் வரைவில் ஒரு பத்தி எழுதியிருந்தேன். அதை வெட்டிவிட்டேன். அவர் காத்திருப்பதே போதும்.

முதல் உடைப்புக்கு நான் தேர்ந்தது கருவியின் கீச்சொலி. ஒலிபெருக்கியிலிருந்து வரும் ஒலி திரும்ப அதே கருவியின் ஒலிவாங்கிக்குள் புகும்போது இந்தச் சத்தம் எழும். கருவியை இயக்கத்திலேயே விட்டு, மூடிய இடத்தில் வைத்தால் இது நேரும். புதிய கருவிகளில் இதை அடக்கும் ஏற்பாடு இருப்பதால், கதையில் இருப்பது பழைய கருவி என்பதை முன்பே ஒரு வரியில் சொல்லியாக வேண்டியிருந்தது. பேட்டரிக் கதவைத் திறந்து வைத்தால் கருவி அணைந்துவிடும். அன்று மாலை பேச்சு வளர்ந்ததில் அதைத் திறந்து வைக்க அவர் மறந்துவிடுகிறார்.

இங்கேதான் இந்தக் காட்சியைப் படித்த நண்பர் ஒருவர் கையை வைத்தார். ஓடும் ரயிலில், கைப்பைக்குள் பெட்டிக்குள் இருக்கும் கருவியின் மெல்லிய ஒலி எதிர்ப்படுக்கைக்கு எப்படிக் கேட்கும் என்று கேட்டார். பதில் இல்லை. இரண்டு நாட்கள் அந்தக் காட்சியைத் தொடவே மனம் வரவில்லை. பிறகு ரயிலை நிறுத்தினேன். அதிகாலை 2.40க்கு நிலையம் எதுவும் இல்லாத வெட்டவெளியில் சமிக்ஞைக்காக வண்டி நிற்கிறது. சக்கர ஓசை அடங்கியதும் ரயில்பெட்டி முழுவதும் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கிறது, அதன் நடுவே ஒரு கீச்சொலி. ஒலி புதிதாக எழவில்லை. மாலையிலிருந்து ஒலித்துக்கொண்டிருந்ததுதான் இப்போது கேட்கிறது. முதலில் வெறும் பின்னணியாக இருந்த ரயில் இதனால் கதைக்குள் வந்துவிட்டது. இதே கதையை ஒரு காத்திருப்பு அறைக்கு மாற்றிவிட முடியாது என்பதில் எனக்குப் பெருமைதான்.

சக்கர ஓசையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஒரே சீரான ‘தடக் தடக்’ ஒலியைப் பழக்கத்தில் எழுதியிருந்தேன். தண்டவாளத் துண்டுகளின் இணைப்பில் இருக்கும் இடைவெளியால் எழுவது அது. நீளமாகப் பற்றவைக்கப்பட்ட பாதைகளில் அந்தத் தாளம் கேட்பதில்லை. தொடர்ந்த இரைச்சல்தான் இருக்கும். வண்டி பாதை மாறும் இடங்களில் மட்டும் தடதடப்பு வரும். அந்தத் தாளத்தை நீக்கி இரைச்சலை வைத்ததும், அது நின்றபோது ஏற்படும் அமைதிக்குக் கூடுதல் கனம் கிடைத்தது.

காட்சி இப்போது இப்படி நிற்கிறது:

“உங்க பைக்குள்ள ஏதோ கத்துதும்மா” என்றான் அவன், மாலையிலிருந்து பேசிய அதே உரத்த குரலில். மேல் படுக்கையில் யாரோ புரண்டு படுத்தார்கள். அவர் பெட்டியை எடுத்து, நகத்தால் சின்னக் கதவை நெம்பித் திறந்தார். ஒலி நின்றது.

“மெதுவாப் பேசுங்க. எனக்குக் காது நல்லாவே கேக்கும்.”

“அப்ப இது?”

“அவரோடது.”

வண்டி அசையவில்லை. அவன் நெடுநேரம் கழித்து, “இவ்வளவு நேரம் கத்திட்டிருந்தேனே, மன்னிச்சுக்குங்கம்மா. பழக்கம்” என்றான்.

“யார்கிட்ட தம்பி பழகுனது?”

அவன் பதில் சொல்வதற்குள் வண்டி நகர்கிறது, இரைச்சல் திரும்பிவிடுகிறது. விடியும்வரை அவன் வாய் திறப்பதில்லை. தந்தை சொன்னதைக் கேட்பதில்லை, கேட்டதையே கேட்கிறார் என்று ஓராண்டு முழுவதும் அவரிடம் கத்தியவன் அவன். மாலையிலிருந்து அந்த உரத்த குரலின் வழியே அவன் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறான் என்பது இந்தக் கேள்வியை எழுதிய பிறகே எனக்குத் தெரிந்தது.

‘தம்பி’ என்ற சொல்லை அந்த இடத்துக்காகச் சேமித்து வைத்தேன். முந்தைய வரைவுகளில் முதல் பக்கத்திலேயே அவர் அப்படி அழைத்துவிட்டதால், பிறகு நெருங்கிவர இடமே இல்லாமல் போயிருந்தது. நம் மொழியில் யாரையும் எதுவும் சொல்லி அழைக்காமல் நெடுநேரம் பேச முடியும். “எதுவரைக்கும் பயணம்?”, “சன்னலைச் சாத்தலாமா?” என்று முதல் ஆறு பக்கங்களை அப்படியே ஓட்டினேன். அவனுடைய ‘அம்மா’ வயதில் மூத்த எவரிடமும் வரும் சொல் என்பதால் அதற்குத் தொடக்கத்தில் எடை இல்லை. காலையில் அதே சொல்லை முதன்முறையாகத் தாழ்ந்த குரலில் சொல்கிறான். அவனுடைய மாற்றத்துக்கு அதற்கு மேல் எதுவும் வேண்டியிருக்கவில்லை.

முடிவில் ஒரு பெரும்பிழை செய்திருந்தேன். அவர் அந்தக் கருவியை அவனுடைய தந்தைக்கென்று கொடுத்துவிட்டு இறங்குவதாக எழுதி, மிகவும் நெகிழ்ந்தும் போயிருந்தேன். செவித்திறன் சோதனை செய்யும் பணியில் இருக்கும் வாசகி ஒருவர் பொறுமையாக விளக்கினார். கருவி ஒவ்வொருவருக்கும் அவரவர் கேட்புக் குறைவை எந்தெந்தச் சுருதியில் எவ்வளவு என்று அளந்து அமைக்கப்படுகிறது. ஒருவருடையதை இன்னொருவர் மாட்டினால் சரியாகக் கேட்காது என்பதோடு, அளவு மீறிய ஒலியால் காதுக்குக் கேடும் வரலாம். அதைவிட, அந்தப் பெண்மணி அதை எவருக்கும் கொடுக்கமாட்டார் என்பது எனக்கே தெரிந்திருக்க வேண்டும். இப்போது அவர் இறங்கும்முன் “அவருக்குக் காதைக் காட்டினீங்களா?” என்று மட்டும் கேட்கிறார். அவனிடம் விடை இல்லை.

மிஞ்சியிருப்பது கடைசி நானூறு சொற்கள். இருவரும் பெயரோ எண்ணோ பரிமாறிக்கொள்ளலாமா என்பதில் இன்னும் முடிவுக்கு வரவில்லை. அந்நியரைப் பற்றி 1908இல் எழுதிய சமூகவியலாளர் கியார்க் சிம்மல், நெருங்கியவரிடம் மறைப்பதைக்கூட மனிதர்கள் அந்நியரிடம் சொல்லிவிடுவதைக் குறிப்பிடுகிறார். என் இருவரும் பேசியதும் மீண்டும் சந்திக்கமாட்டோம் என்ற துணிவில்தான். எண் கைமாறினால் அந்தத் துணிவு பொய்யாகிவிடும் என்றே இப்போது தோன்றுகிறது. அதற்குள் அடுத்த கதை வேறு மனதில் புகுந்துவிட்டது: இதே இரவு, மேல் படுக்கையில் புரண்டு படுத்தவரின் பக்கத்திலிருந்து, நின்ற வண்டியில் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு உறங்குவதுபோல் கிடந்தவர். இரண்டு அட்டைகள் எழுதியும் ஆகிவிட்டது. அவற்றை இழுப்பறைக்குள் வைத்துவிட்டு, இந்த வார இறுதியில் 2.40 காட்சியை மட்டும் உரக்கப் படித்துப் பதிவு செய்யப் போகிறேன். “அவரோடது” என்பதற்கும் “மன்னிச்சுக்குங்கம்மா” என்பதற்கும் இடையில் எத்தனை நொடி விட வேண்டும் என்பது காதால் கேட்டால்தான் தெரியும்.