பெயரை நீக்குவது யார்?

படிப்பும் சம்பளமும் மட்டும் ஒரு வேலையை ‘புரொஃபஷன்’ ஆக்கிவிடாது. நான் முதலில் கேட்பது இதைத்தான்: தப்பு செய்தால் உங்கள் பெயரை எந்தப் பதிவேட்டிலிருந்து யார் நீக்குவார்கள்?

தமிழ்நாட்டில் டாக்டர் மீது புகார் வந்தால், மருத்துவக் கவுன்சிலில் சக டாக்டர்களே விசாரிப்பார்கள். பெயர் நீக்கப்பட்டால் சொந்தக் கிளினிக்கில்கூட வைத்தியம் பார்க்க முடியாது.

நர்ஸ்களுக்கும் 1926-ஆம் ஆண்டுச் சட்டப்படி கவுன்சில், பதிவேடு எல்லாம் உண்டு. ஆனாலும் ‘டாக்டர் சொன்னதைச் செய்பவர்’ என்றே பலர் நினைக்கிறார்கள். அது தவறு. கேஸ் ஷீட்டில் இன்சுலின் 10 யூனிட் என்பதை, 10-க்குப் பக்கத்தில் ஆங்கில ‘யு’ எழுத்தை மட்டும் போட்டு அவசரமாகக் கிறுக்கினால், அது பூஜ்யம் போலத் தெரியும். 10 என்பது 100 ஆகிவிடும். அப்படியே போட்டால் சர்க்கரை சரிந்து, நோயாளி வியர்த்துக் குழம்பி நினைவிழப்பார். ஊசியைப் போடாமல் நிறுத்தி, டாக்டரைக் கூப்பிட்டு, ‘யூனிட்’ என்று முழுதாக எழுதி வாங்குவது நர்ஸின் சொந்த முடிவு. போட்டுவிட்டால் பொறுப்பும் அவருடையதே.

ஆசிரியருக்கு டெட் தேர்வு இருக்கிறது. அது தகுதிச் சான்று, பதிவேடு அல்ல. பிள்ளையை அடித்ததற்காக ஒரு தனியார் பள்ளி அனுப்பிவிட்டால், அவர் அடுத்த ஊர்ப் பள்ளியில் சேரலாம். தடுக்க ஆசிரியர் கவுன்சில் கிடையாது. நல்ல ஆசிரியரை நிர்வாகம் காரணமில்லாமல் அனுப்பும்போதும், அவருடைய வேலையை எடைபோட்டுச் சொல்ல சக ஆசிரியர்களின் சபை எதுவும் இல்லை.